காலாண்டு முடிவுகள் கான் காலில் சிஇஓவின் முதல் ஆறு நிமிடம்: நல்ல செய்தியையும் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

காலாண்டு முடிவுகள் வந்ததும் நிறுவனத்தின் நிர்வாகம் அனலிஸ்ட்டுகளோடும் முதலீட்டாளர்களோடும் தொலைபேசியில் நடத்தும் கூட்டம்தான் கான் கால். அது தொடங்கியதும் முதலில் வருவது நடத்துநரின் குரல். எல்லோருடைய இணைப்பும் இப்போதைக்குக் கேட்க மட்டும் என்று அறிவித்துவிட்டு, அந்தக் கான் காலை ஏற்பாடு செய்த பங்குத் தரகு நிறுவனத்தின் அனலிஸ்ட்டிடம் கொடுப்பார். அவர் இரண்டு வரி வரவேற்பு சொல்லி நிர்வாகத்திடம் விடுவார். அடுத்த ஐந்தாறு நிமிடம் சிஇஓவுக்கு. அப்புறம் நிதித் தலைவரான சிஎஃப்ஓ, அதன் பின் கேள்வி-பதில்.

அந்த ஆறு நிமிடம் தொடங்கும்போதே மறுமுனையில் இருப்பவர்கள் முடிவுகளைப் படித்து முடித்திருப்பார்கள். பல பேருடைய எக்ஸெல் கோப்பில் புதிய எண்கள் ஏறிவிட்டிருக்கும். வருவாய் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று சிஇஓ திரும்பப் படித்தால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இந்த எண்ணில் எவ்வளவு அடுத்த காலாண்டிலும் நிற்கும், எவ்வளவு இந்த முறையோடு போய்விடும் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். அதை சிஇஓவே முதலில் சொல்ல வேண்டும். நல்ல செய்திக்கு அடுத்த வாக்கியத்திலேயே, எண்ணோடு சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா வேலையும் அந்த ஒரு வாக்கியத்தைச் சரியாகக் கொண்டுவருவதற்காகத்தான்.

விளக்குவதற்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நடுத்தர நிறுவனம். ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வருவாய் 412 கோடி ரூபாய். போன ஆண்டு இதே காலாண்டில் 358 கோடி. வளர்ச்சி 15 சதவீதம். வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்தான் எபிட்டா; வருவாயில் அதன் பங்கான எபிட்டா மார்ஜின் 13 சதவீதத்திலிருந்து 15 ஆகியிருக்கிறது. பார்த்தவுடன் அருமையான காலாண்டு. நிஜத்தில் கால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மாதிரி உரையைப் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

படி 1: எதைப் பேசலாம் என்ற எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

எழுத உட்காரும் முன் இதை முடித்துவிட வேண்டும். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015ஆம் ஆண்டு பட்டியலிடல் விதிமுறைகளின்படி, நிதியாண்டின் கடைசிக் காலாண்டைத் தவிர மற்றவற்றில், காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவுகள் வெளியாக வேண்டும். கால் எப்போது என்பதைக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகப் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். கால் முடிந்தபின் ஒலிப்பதிவு 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வர்த்தக நாள் தொடங்கும் முன், எது முந்தியோ அதற்குள் வெளியாக வேண்டும். எழுத்துப்படிக்கு ஐந்து வேலை நாள் அவகாசம். அதாவது சிஇஓ சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பொதுவில் தங்கிவிடும். மூன்று மாதம் கழித்து யாராவது அதை எடுத்துப் படித்துக் காட்டுவார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு எல்லை உண்டு. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் பொதுவில் வராத தகவலைக் காலில் முதன்முறையாக உடைக்கக் கூடாது. நம் பம்ப் நிறுவனம் ஆண்டு வளர்ச்சி இலக்கைப் பற்றிச் சொல்லப்போகிறது, ஒரு பெரிய ஆர்டர் முன்கூட்டியே போனதைச் சொல்லப்போகிறது என்றால், அந்த இரண்டும் கால் தொடங்குவதற்கு முன்பே பங்குச்சந்தையில் பதிவேற்றும் பிரசன்டேஷனில் இருக்க வேண்டும். நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிரசன்டேஷன் ஒரு வாரம் முன்பே முடிந்துவிடுகிறது. உரையைக் கடைசி இரவில் எழுதுகிறார்கள். உரையில் பிரசன்டேஷனில் இல்லாத விஷயம் வந்து விழுகிறது. உரையின் முதல் வரைவை முன்னால் எழுதிவிட்டு, அதிலிருந்து பிரசன்டேஷனின் முதல் இரண்டு பக்கத்தை எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

படி 2: தலைப்பு எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். சிஎஃப்ஓவோடும் விற்பனைத் தலைவரோடும் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்: இந்த 54 கோடி கூடுதல் வருவாய் எங்கிருந்து வந்தது?

நம் உதாரணத்தில் அந்தக் கேள்விக்கு வரும் பதில் இது. விவசாயிகளுக்கான மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்தின் கீழ் சூரிய பம்ப் வாங்கும் ஒரு மாநில முகமை, பருவமழைக்கு முன் பொருத்தி முடிக்க வேண்டும் என்று கேட்டது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டிய 30 கோடி ரூபாய் சரக்கு ஜூனிலேயே போய்விட்டது. அதைக் கழித்தால் வருவாய் 382 கோடி. வளர்ச்சி 15 இல்லை, 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த 30 கோடி கையைவிட்டுப் போகவில்லை. ஆனால் அடுத்த காலாண்டில் இருக்காது.

மார்ஜினும் அப்படித்தான். மோட்டார் சுற்றும் தாமிரக் கம்பியை நிறுவனம் விலை ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தது. விற்பனை விலையை ஏற்றிய பிறகும் பழைய விலைக் கம்பி ஓடியதால் சுமார் 5 கோடி கூடுதலாக நின்றது. எபிட்டா 61.8 கோடி, அதில் இந்த 5 கோடியைக் கழித்தால் மார்ஜின் 13.8 சதவீதம். ஆக, இரண்டு சதவீதப் புள்ளி முன்னேற்றத்தில் 0.8தான் நிறுவனம் தன் உழைப்பில் சம்பாதித்தது. மற்ற 1.2 தாமிரம் கொடுத்தது. அந்தச் சரக்கு ஜூலையோடு தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அறையில் யாராவது ஒருவர், இதை ஏன் நாமே சொல்ல வேண்டும், கேட்டால் சொல்லலாமே என்பார். அந்தப் பேச்சை அங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. தாமிர விலை எப்போது ஏறியது என்று அனலிஸ்ட்டுகளுக்குத் தெரியும். அதே துறையில் உள்ள மற்ற நிறுவனங்களின் கால்களையும் அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி-பதிலில் அவர்கள் கேட்டுப் பிடுங்கிய தகவல், மறைத்துவைத்திருந்த தகவலாகத்தான் அவர்கள் குறிப்பில் ஏறும். அதையே சிஇஓ தானாகச் சொன்னால் வெறும் விவரம்தான். அதைவிட, 15 சதவீதத்தை அப்படியே விட்டால் அவர்கள் அதையே அடுத்த மூன்று காலாண்டுக்கும் நீட்டிவிடுவார்கள். அந்த 30 கோடி இல்லாமல் அக்டோபரில் வரும் நேர்மையான எண், வீழ்ச்சி என்ற பெயரில் தலைப்புச் செய்தியாகும்.

படி 3: போன காலின் எழுத்துப்படியை எடுத்து வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். போன காலில் சிஇஓ எதிர்காலத்தைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வரியையும் கோடிட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். கேள்வி-பதிலில் போகிற போக்கில் சொன்னதையும் விடக் கூடாது. அங்கேதான் மறந்துபோன வாக்குறுதிகள் இருக்கும்.

நம் உதாரணத்தில் மே மாதக் காலில் ஒரு வரி இருக்கிறது. மாநில முகமைகளிடம் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் நிலுவை 21 கோடி. ஜூன் முடிவதற்குள் 15 கோடிக்குக் கீழே வந்துவிடும் என்று சிஇஓ சொல்லியிருக்கிறார். ஜூன் கடைசியில் அது 38 கோடி. சூரிய பம்ப் திட்டத்தில் விலையின் பெரும்பகுதி மானியமாக அரசு வழியாக வருவதால், பம்ப் வயலில் ஓடிக்கொண்டிருந்தாலும் பணம் வர மாதங்கள் ஆகும். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் சொன்னது நடக்கவில்லை. இது கண்டிப்பாகத் தொடக்க உரையில் வர வேண்டும், அதுவும் சிஎஃப்ஓ வாயில் இல்லை, வாக்குக் கொடுத்த சிஇஓ வாயிலேயே.

இப்போது சொல்ல வேண்டியவை மூன்று: முன்கூட்டியே போன ஆர்டர், தாமிரம், நிலுவை. இதற்கு மேல் எச்சரிக்கைகளைச் சேர்க்காதீர்கள். மழை, வட்டி, போர், தேர்தல் என்று பத்தை அடுக்கினால் முக்கியமான மூன்றும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். நாலாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் அதைக் கேள்வி-பதில் தயாரிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: முதல் ஒன்றரை நிமிடம்

முதலில், வழக்கமாக வரும் வரைவு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

> «அனைவருக்கும் வணக்கம். சவாலான உலகச் சூழலிலும் எங்கள் நிறுவனம் மிகச் சிறப்பான செயல்பாட்டைக் காட்டியிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். வருவாய் 15 சதவீதம் உயர்ந்து 412 கோடியாகவும், எபிட்டா மார்ஜின் 200 அடிப்படைப் புள்ளிகள் உயர்ந்து 15 சதவீதமாகவும் உள்ளன. இது எங்கள் குழுவின் அயராத உழைப்புக்குச் சான்று. இருப்பினும், மூலப்பொருள் விலை ஏற்ற இறக்கத்தையும் செயல்பாட்டு மூலதனத்தையும் தொடர்ந்து கவனித்து வருகிறோம்.»

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் கையில் எதுவும் நிற்காது. நல்லதற்கு எண் இருக்கிறது, கெட்டதற்கு இல்லை. ‘கவனித்து வருகிறோம்’ என்ற சொல்லுக்குள் 38 கோடி ஒளிந்திருக்கிறது. இப்படி ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் பொதுச்சொல்லும் இருப்பதுதான், சமநிலை இல்லாத உரையைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம். வரைவில் நல்ல செய்தியில் உள்ள எண்களுக்குப் பச்சை வட்டமும், எச்சரிக்கையில் உள்ள எண்களுக்குச் சிவப்பு வட்டமும் போட்டுப் பாருங்கள். சிவப்பே இல்லையென்றால் உரையைத் திரும்ப எழுத வேண்டும்.

அதே விஷயம், சரியாக எழுதினால்:

> «வணக்கம். காலில் சேர்ந்ததற்கு நன்றி. இது நல்ல காலாண்டு. வருவாய் 412 கோடி, போன ஆண்டைவிட 15 சதவீதம் அதிகம். ஆனால் இந்த 15 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் காலாண்டில் போக வேண்டிய 30 கோடி ரூபாய் சூரிய பம்ப் ஆர்டர், மழைக்கு முன் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதால் ஜூனிலேயே போய்விட்டது. அதைக் கழித்தால் வளர்ச்சி சுமார் 7 சதவீதம். நாங்கள் உள்ளே பார்த்துக்கொள்ளும் எண் அதுதான்.
>
> மார்ஜின் 15 சதவீதம். இதில் சுமார் 1.2 புள்ளி, பழைய விலையில் வாங்கிய தாமிரத்தால் வந்தது. அந்தச் சரக்கு இந்த மாதத்தோடு தீர்கிறது. மீதமுள்ள முன்னேற்றம் எங்களுடையது. வீட்டு உபயோக பம்புகளில் விலை கூடிய ரகங்கள் அதிகம் விற்றிருக்கின்றன. அது தொடரும் என்று எதிர்பார்க்கிறோம்.»

‘இது நல்ல காலாண்டு’ என்ற சின்ன வாக்கியத்தைக் கவனியுங்கள். அதை எடுத்துவிடக் கூடாது. நேர்மையாகப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில் சில சிஇஓக்கள் நல்லதையே விழுங்கிவிடுகிறார்கள். 7 சதவீத வளர்ச்சியும் 0.8 புள்ளி மார்ஜினும் உண்மையான சாதனை. அதை இரண்டு சொல்லில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், இவர் எதையோ இன்னும் மறைக்கிறார் போல என்ற சந்தேகம் வரும். ஒவ்வொரு முறையும் இலக்கைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தாண்டிக் காட்டும் பழக்கமும் இதே வகைதான். மூன்று நாலு காலாண்டில் சந்தை அதைக் கண்டுபிடித்து, அவர் சொல்வதற்கு மேல் தானாகவே கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளும். அப்புறம் அவர் நிஜமாகவே எச்சரித்தாலும் காதில் விழாது.

படி 5: நிறைவேறாத வாக்கைச் சொல்வது

இந்தப் பகுதிக்கு நாலு விஷயம் வேண்டும்: என்ன சொன்னோம், என்ன நடந்தது, என்ன செய்கிறோம், எப்போது எதைத் திரும்பச் சொல்வோம். இதே வரிசையில் வர வேண்டும். காரணத்தை முதலில் வைத்தால் சாக்காகக் கேட்கும்.

> «மே மாதம் பேசும்போது, மாநில முகமைகளிடம் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் நிலுவை 15 கோடிக்குக் கீழே வரும் என்று சொன்னேன். வரவில்லை, 38 கோடியாகியிருக்கிறது. இரண்டு மாநிலங்களில் மானியத் தொகை விடுவிப்பது தாமதமாகியிருக்கிறது. அந்தத் தேதி எங்கள் கையில் இல்லாதபோது நான் அப்படி உறுதி சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் கையில் இருப்பதைச் செய்திருக்கிறோம். நிலுவை தீரும்வரை அந்த இரண்டு மாநிலங்களிலும் புதிய டெண்டரில் கலந்துகொள்ளவில்லை. இனி ஒவ்வொரு காலாண்டும் இந்த எண்ணைப் பிரசன்டேஷனிலேயே தருவோம்.»

இதில் பணம் எப்போது வரும் என்று புதிய தேதி இல்லை என்பதைப் பாருங்கள். உடைந்த வாக்கைச் சரிசெய்ய இன்னொரு வாக்குக் கொடுக்கத் தோன்றும். செப்டம்பருக்குள் நிச்சயம் வந்துவிடும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். தன் கட்டுப்பாட்டில் இல்லாத தேதியைச் சொல்லாமல், கட்டுப்பாட்டில் உள்ள முடிவைச் சொல்வதுதான் சரி. டெண்டரில் கலந்துகொள்ளாதது நிறுவனத்தின் முடிவு. அதைச் சரிபார்க்கவும் முடியும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கணக்குதான். 2019 ஜனவரி 2ஆம் தேதி ஆப்பிளின் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார். 89 முதல் 93 பில்லியன் டாலர் என்று சொல்லியிருந்த காலாண்டு வருவாய் சுமார் 84 பில்லியனாகத்தான் இருக்கும் என்றார். முடிவுகள் வெளியாகும் நாள்வரை காத்திருக்கவில்லை. பழைய எண், புதிய எண் இரண்டையும் வைத்தார். குறைவின் பெரும்பகுதி சீனப் பகுதியிலிருந்து வந்தது என்று பெயர் சொன்னார். பழைய போனை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டவர்களையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். மறுநாள் பங்கு சுமார் 10 சதவீதம் விழுந்தது. நேர்மையாகச் சொன்னால் விலை விழாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கெட்ட செய்திக்கு விலை விழத்தான் செய்யும். ஆனால் அடுத்த சில வாரங்களில் காலாண்டு முடிவுகளுக்கான கால் வந்தபோது, அந்தச் செய்தி ஏற்கெனவே எல்லோர் கணக்கிலும் ஏறியிருந்தது.

படி 6: அடுத்த காலாண்டு, ஆண்டு இலக்கு

15 சதவீத வளர்ச்சியைப் பார்த்ததும், ஆண்டு இலக்கை உயர்த்துவீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு உரையிலேயே பதில் இருக்க வேண்டும். நம் நிறுவனம் ஆண்டுக்கு 8 முதல் 10 சதவீதம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

> «ஆண்டு வளர்ச்சி 8 முதல் 10 சதவீதம் என்று சொல்லியிருந்தோம். அதை மாற்றவில்லை. முதல் காலாண்டு நன்றாகப் போயும் ஏன் உயர்த்தவில்லை என்று கேட்பீர்கள். அந்த 30 கோடி ஆண்டுக்குள் இடம் மாறியிருக்கிறது, கூடவில்லை. இரண்டாம் காலாண்டு வளர்ச்சி முதல் காலாண்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்கும். கையில் உள்ள ஆர்டர்களில் பெரும்பகுதி அக்டோபருக்குப் பிறகு போக வேண்டியவை. அவை நேரத்துக்குப் போனால் இந்த வரம்புக்குள் இருப்போம். தாமதமானால் 8க்கு அருகில் முடியும்.»

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் இதில் முக்கியம். வரம்பு சொல்பவர்கள் நிறைய உண்டு. எது நடந்தால் வரம்பின் அடிப்பக்கம், எது நடந்தால் மேல்பக்கம் என்று சொல்பவர்கள் குறைவு. அதைச் சொல்லிவிட்டால் அனலிஸ்ட் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்; டிசம்பரில் ஆர்டர் தள்ளிப்போன செய்தி வந்தால் அவர் அதிர மாட்டார்.

உங்கள் நிறுவனம் இலக்கு சொல்லும் வழக்கமே இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். அரைகுறையாகச் சொல்வதுதான் ஆபத்து. ‘வேகம் தொடரும்’, ‘இரண்டாம் பாதி இன்னும் நன்றாக இருக்கும்’ போன்ற வரிகள் எண் இல்லாத இலக்குகள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த எண்ணை அதில் நிரப்பிக்கொள்வார்கள். பிறகு எல்லோருடைய எண்ணுக்கும் சிஇஓ பதில் சொல்ல வேண்டியிருக்கும். சந்தை மனதில் வைத்திருக்கும் எண்ணுக்கும் நிறுவனம் சொல்லும் எண்ணுக்கும் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்ஃபோசிஸ் ஓர் உதாரணம். 2013 ஏப்ரல் 12 அன்று அது ஆண்டுக்கு 6 முதல் 10 சதவீத வளர்ச்சி என்று கணித்தது. பலரும் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்த்திருந்தார்கள். ஒரே நாளில் பங்கு 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

படி 7: சிஎஃப்ஓவோடு பங்கு பிரிப்பது

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏன், இனி என்ன என்பதெல்லாம் சிஇஓவுடையது. எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில் என்பதெல்லாம் சிஎஃப்ஓவுடையது. நிலுவை எத்தனை நாளாக நிற்கிறது, அதற்கு எவ்வளவு ஒதுக்கீடு வைத்திருக்கிறோம் என்பதை அவர் சொல்வார். ஒரே எண்ணை இருவரும் சொன்னால் ஒரே மாதிரி முழுமையாக்கிச் சொல்ல வேண்டும். ஒருவர் 13.8 என்றும் மற்றவர் ‘கிட்டத்தட்ட 14’ என்றும் சொன்னால் அதற்கே ஒரு கேள்வி வரும். எதிர்காலம் குறித்த கூற்றுகள் மாறக்கூடியவை என்ற வழக்கமான அறிவிப்பை முதலீட்டாளர் தொடர்பு அதிகாரி தொடக்கத்திலேயே படித்துவிடட்டும். சிஇஓவின் நிமிடங்களை அதற்குச் செலவழிக்க வேண்டாம். அந்த அறிவிப்பு இருக்கிறதே என்று எச்சரிக்கையைக் குறைத்துவிடவும் வேண்டாம்; அது பொது மறுப்பு, இது உங்கள் நிறுவனத்தின் நிலவரம்.

படி 8: சொற்களை வெட்டுவது, வாய்விட்டுப் படிப்பது

ஸ்டான்ஃபோர்டில் டேவிட் லார்க்கரும் அனஸ்தாசியா ஸக்கோலியுகினாவும் 2003 முதல் 2007 வரை அமெரிக்காவில் நடந்த கால்களின் எழுத்துப்படிகளை ஆராய்ந்தார்கள். பின்னால் கணக்கைப் பெரிதாகத் திருத்த நேர்ந்த நிறுவனங்களின் தலைவர்கள், கேள்வி-பதிலில் எப்படிப் பேசியிருந்தார்கள் என்று பார்த்தார்கள். ‘உங்களுக்கே தெரியும்’ போன்று எல்லோருக்கும் தெரிந்ததாகச் சொல்லும் தொடர்கள் அவர்கள் பேச்சில் அதிகம். சிஇஓக்களின் பேச்சில் ‘அபாரம்’, ‘அற்புதம்’ போன்ற உச்சகட்டச் சொற்களும் அதிகம். இப்படிப் பேசுகிறவர் எல்லோரும் ஏமாற்றுகிறார் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் இன்று பல முதலீட்டு நிறுவனங்கள் எழுத்துப்படிகளைக் கணினியில் போட்டுச் சொல்வாரியாக அலசுகின்றன. வெறும் பழக்கத்தில் வந்த ‘அபாரம்’கூட அங்கே எண்ணப்படும்.

எனவே வரைவிலிருந்து உச்சகட்டப் பெயரடைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘சவாலான சூழல்’, ‘எதிர்க்காற்று’ போன்றவற்றின் இடத்தில் காரணத்தின் பெயரை எழுதுங்கள்: தாமிர விலை, மானியத் தாமதம். ‘தற்காலிகமானது’ என்ற சொல் வந்தால் எதுவரை என்று பக்கத்தில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அப்புறம் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதுவும் போனில். சிஇஓ ஒரு அறையிலும் நீங்கள் இன்னொரு அறையிலும் இருந்துகொண்டு, கையில் தாள் இல்லாமல் கேளுங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 130 சொல் என்றால் ஆறு நிமிடத்துக்கு 750 சொல் போதும். நல்ல செய்தியை நிதானமாகவும் எச்சரிக்கையை ஓட்டமாகவும் படிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் பழக்கம். 38 கோடி என்ற இடத்தில் குரல் இறங்கி வேகம் கூடினால் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும். அந்த வாக்கியத்தை மட்டும் தனி வரியில், பெரிய எழுத்தில் அடித்து, முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி விட்டுக் கொடுங்கள். கண் நின்று போகும், குரலும் கூடவே நிற்கும்.

படிக்கும்போது சிஇஓவுக்கு வாயில் வராத வாக்கியம் ஏதாவது இருந்தால் அதை அவர் சொல்வதுபோல மாற்றிவிடுங்கள். எழுதினவர் மனம் நோகும், பரவாயில்லை. கேள்வி-பதிலில் அவர் தன் சொந்த நடையில்தான் பேசுவார். உரை வேறு ஆள் எழுதியது போலவும் பதில் வேறு ஆள் சொன்னது போலவும் இருந்தால், எச்சரிக்கைப் பகுதியும் வக்கீல் எழுதிக்கொடுத்ததாகக் கேட்கும்.

படி 9: கடைசிச் சரிபார்ப்பும் கால் நடக்கும் நேரமும்

கால் நடக்கும் நாள் காலையில் கம்பெனி செக்ரட்டரி ஒரு கையில் உரையும் மறு கையில் பங்குச்சந்தையில் பதிவேறிய முடிவுகளும் பிரசன்டேஷனுமாக உட்கார வேண்டும். உரையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலில் குறிக்க வேண்டும். குறிக்க இடமில்லாத எண் உரையில் இருக்கக் கூடாது. இல்லையென்றால் கால் தொடங்கும் முன் அதைப் பங்குச்சந்தைக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

காலின்போது சிஇஓ உற்சாகத்தில் தாளைத் தாண்டிப் போவது உண்டு. ‘ஜூலையும் நன்றாகத்தான் போகிறது’ என்று ஒரு வரி வாயிலிருந்து விழுந்துவிடும். பார்க்கச் சாதாரண வரிதான். ஆனால் நடப்புக் காலாண்டின் நிலவரம் அது. வெளியில் யாருக்கும் தெரியாத தகவல். எதிரில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி செக்ரட்டரி அதைக் குறித்துக்கொண்டு, அது விலையைப் பாதிக்கக்கூடியதா என்று உடனே முடிவெடுக்க வேண்டும். அப்படியென்றால் தாமதிக்காமல் பங்குச்சந்தையில் அறிவிக்க வேண்டும். எழுத்துப்படியில் அந்த வரியைத் துடைத்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். ஒலிப்பதிவு ஏற்கெனவே வெளியாகியிருக்கும்.

உரை வேலை செய்ததா என்பது கேள்வி-பதிலின் முதல் மூன்று நாலு கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘அந்த 30 கோடி இல்லாமல் இரண்டாம் காலாண்டை எப்படிப் பார்க்க வேண்டும்’, ‘தாமிரம் இந்த விலையிலேயே நின்றால் மார்ஜின் எங்கே நிற்கும்’ என்று கேள்விகள் ஒரு படி மேலே போனால் நன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘இந்த வளர்ச்சியில் ஒருமுறை மட்டும் வந்தது எவ்வளவு’ என்று கேட்டால், நீங்கள் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை, அல்லது எண் இல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியையும் கேட்டவர் பயன்படுத்திய சொற்களையும் அப்படியே குறித்து வையுங்கள். அடுத்த காலாண்டின் வரைவைத் தொடங்கும்போது முதல் பக்கத்தில் அவையும், இந்த முறை சொன்ன மூன்று எண்களும் இருக்கட்டும்: 30 கோடி, 1.2 புள்ளி, 38 கோடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அக்டோபரில் சிஇஓ சொல்லப்போகும் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.